ராத்திரி ஒரு நிமிஷம், ஞாயித்துக்கிழமை ஒரு கணக்கு



குழுக் கணக்கை நாம ஒரு ரூபாய் பிசகாம எழுதுறோம். வீட்டுச் செலவை எழுதச் சொன்னா "நேரமில்லை"ங்கிறோம். ராத்திரியே கூட்டிக் கழிக்க உட்கார்ந்தா நேரமாகத்தான் செய்யும். அதனால ராத்திரியில எழுதுறது மட்டும்தான், கூட்டுறது ஞாயித்துக்கிழமை.

நோட்டோட பேனாவை நூல்ல கட்டி, போன் சார்ஜ் போடுற இடத்துல வையுங்க. ஒன்பது மணிக்கு அலாரம் வச்சிடுங்க. போனை மாட்டும்போது நோட்டு கையில தட்டுப்படும். "பால் 32, பஸ் 20" என்று பொருளும் தொகையும் போதும். தொழிலுக்கான செலவு என்றால் பக்கத்துல "தொ" போடுங்க. அன்னைக்கு வந்த வரவையும் எழுதுங்க. கடைசி வரியில பர்ஸில் இருக்கிற காசை எண்ணி எழுதணும். இந்த வரிதான் முக்கியம். போன்ல கட்டின பணத்தைத் தனியா எழுதுங்க. அது பர்ஸ் கணக்குல சேராது.

எங்க குழுவுல பூ விக்கிற ஒரு அக்காவோட ஒரு வாரத்தைச் சொல்றேன். போன ஞாயிறு கையிருப்பு 1,200. ஏழு நாள் பூ வித்தது 2,450. ஆக 3,650. இந்த ஞாயிறு கையில 940. அப்போ செலவு 2,710. நோட்டுல எழுதினதோ 2,480. மீதி 230 எங்கே?

தினமும் கையிருப்பு எழுதியிருந்ததால தேட முடிஞ்சது. புதன் ராத்திரி 1,150, வியாழன் வரவு 350, ஆக 1,500. வியாழன் ராத்திரி கையில 980. போனது 520, எழுதினது 310. விட்டுப்போன 210 அன்னைக்குத்தான். வியாழன் சந்தை நாள். குடம் 150, ஆட்டோ 60 என்று அக்காவுக்கு உடனே ஞாபகம் வந்துடுச்சு. மிச்சம் 20 ரூபாயை "தெரியல" என்று எழுதி விட்டுட்டோம். அதுக்காக மண்டையை உடைச்சுக்க வேண்டாம்.

அப்புறம் "தொ" போட்டதை மட்டும் கூட்டினோம். பூ வாங்கின செலவு 1,050. வித்ததுல அதைக் கழிச்சா அக்கா சம்பாதிச்சது 1,400. வீட்டுக்குப் போனது 1,660. கூடுதலாப் போன 260 ரூபாய், கையிருப்புல இருந்து எடுத்தது. கடன் தவணைக்கு வாரம் 250 ஒதுக்க வேண்டியவங்க அவங்க. அந்த வாரம் ஒதுக்க எதுவுமே இல்லை என்பது தவணைக்கு முந்தின நாள் தெரியாம, மூணு வாரம் முன்னாடியே தெரிஞ்சது. கடைப் பலகாரம் மட்டும் 245 ஆகியிருந்ததைப் பார்த்து, அதைப் பாதியாக் குறைச்சாங்க. அது போதாது, விக்கிற பூவையும் கூட்டணும் என்று அவங்களே சொன்னாங்க.

இரண்டு நாள் எழுத விட்டுப்போனா யோசிச்சு யோசிச்சு எழுதாதீங்க. கையில இருக்கிறதை எண்ணி எழுதி, அங்கிருந்து தொடருங்க. விட்டுப்போன நாள் வரவை மட்டும் சேர்த்து எழுதிட்டா, அந்த நாள் செலவு ஞாயித்துக்கிழமை கழிக்கும்போது ஒரே தொகையா வந்துடும். அதுக்கு "எழுதாத நாள்" என்று பேர் போட்டா போதும்.