‘ஆவன செய்யவும்’ என்றால் என்ன செய்வது?

(பழைய மாணவியர் சங்க நூற்றாண்டு விழாவில் ஆற்றிய உரை)



இந்த மண்டபத்திலே இருக்கின்ற நாம் எல்லோரும் விண்ணப்பக் கடிதம் எழுதப் பழகியது இந்தப் பாடசாலையில்தான். ‘தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்’, ‘தயவுகூர்ந்து ஆவன செய்யவும்’ என்று தமிழிலும், ‘ஐ ஹம்ப்ளி ரிக்குவெஸ்ட்’, ‘கைன்ட்லி டூ த நீட்ஃபுல்’ என்று ஆங்கிலத்திலும் மனனம் செய்தோம். இன்றும் எத்தாளையிலிருந்து அரச அலுவலகங்களுக்குப் போகும் பல கடிதங்கள் அந்தச் சொற்களோடுதான் முடிகின்றன. அவற்றை இனி நாம் வெட்டிவிடலாம் என்று சொல்லவே வந்திருக்கிறேன். ஏன் என்பதை என்னுடைய தொழிலிலிருந்து சொன்னால் இலகுவாக விளங்கும்.

வைத்தியசாலையில் ஒரு வைத்தியர் இன்னொரு வைத்தியருக்கு நோயாளியை அனுப்பும்போது, ‘பார்த்து ஆவன செய்யவும்’ என்று ஒரே வரியில் ஆங்கிலத்தில் எழுதும் வழக்கம் இருக்கிறது. நெஞ்சு படபடக்கிறது என்று சொல்லும் ஒரு கர்ப்பிணித் தாயை நினைத்துக்கொள்ளுங்கள். வியாழக்கிழமை அவருக்குச் சிசேரியன். அனுப்புகிறவர் அறிய விரும்புவது, முதுகில் ஊசி போட்டு விறைக்கச் செய்வதை இவருடைய இருதயம் தாங்குமா என்பது. ஆனால் சீட்டில் இருப்பது ‘ஆவன செய்யவும்’ மட்டும்தான். இருதய வைத்தியர் ஈ.சீ.ஜீ. எடுத்துப் பார்க்கிறார், ‘இப்போது மாற்றம் இல்லை’ என்று எழுதித் திருப்பி அனுப்புகிறார். அவர் தவறாக எதுவும் செய்யவில்லை. கேள்வி எழுதப்படவில்லை, ஆகையால் பதிலும் வரவில்லை. தாய் மறுபடியும் அனுப்பப்படுகிறார். ஒரு நாள் போய்விடுகிறது.

‘ஆவன செய்யவும்’ என்பது ஒரு காலத்தில் பொருளோடுதான் இருந்தது. பிரித்தானியர் காலத்து அலுவலகத்தில் ஒரு கோப்பு மேசைக்கு மேசை நகரும். விடயம் முழுவதும் கோப்பிலே இருக்கும். அதன் ஓரத்தில் மேலதிகாரி இந்த ஒரு வரியை எழுதினால், என்ன ஆக வேண்டும் என்பது கீழே இருந்தவருக்குத் தெரியும். அது கோப்பு கையில் இருந்த இருவருக்கு இடையிலான சுருக்கெழுத்து. நாம் வெளியிலிருந்து எழுதும் கடிதத்துக்கு முன்னால் எந்தக் கோப்பும் இல்லை. நம் கடிதமே முதல் தாள். அதிலே ‘ஆவன’ என்று எழுதினால், எது ஆவது என்று வாசிப்பவர் ஊகிக்க வேண்டும்.

‘தாழ்மையுடன்’ என்ற சொல் வேறு வழியாக வந்தது. அரசருக்கும் ஆளுநருக்கும் எழுதிய மனுக்களின் மொழி அது. அங்கே கேட்டது சலுகை. ஆகவே பணிவு தேவைப்பட்டது. அந்த ஆட்சி நடந்த நாட்டிலேயே இந்த நடையைக் குறைக்கச் சொன்னார்கள். சேர் ஏர்னஸ்ட் கோவர்ஸ் பிரித்தானிய அரச ஊழியர்களுக்காக ‘பிளெய்ன் வேர்ட்ஸ்’ என்ற சிறு நூலை எழுதி, அது 1948இல் வெளிவந்தது. நாம் இன்னும் விடாமல் வைத்திருக்கிறோம்.

இனி ஒரு கடிதத்தை எடுத்துக்கொள்வோம். தாயாரின் டயக்னோசிஸ் கார்ட் தொலைந்துவிட்டது. மகள் வைத்தியசாலைப் பணிப்பாளருக்கு எழுதுகிறார். வழக்கமான நடை இப்படி இருக்கும்:

“மேற்படி விடயம் தொடர்பாகத் தங்கள் மேலான கவனத்திற்குத் தாழ்மையுடன் அறியத்தருவது யாதெனில், எனது தாயார் தங்கள் வைத்தியசாலையில் சிகிச்சை பெற்றவர் என்பதும் அவரது கார்ட் தவறிவிட்டது என்பதுமாகும். எனவே இவ்விடயத்தில் தயவுகூர்ந்து ஆவன செய்யுமாறு மிகத் தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்.”

பணிவுக்குக் குறைவில்லை. ஆனால் பதிவேட்டு அறையில் இருப்பவர் இதை வைத்து எந்த இறாக்கையைத் தேடுவார்? எந்த மாதம், எந்த வாட்டு? மகளுக்கு வேண்டியது பிரதியா, புதிய கார்டா? இதே மகள் இப்படி எழுதலாம்:

“விடயம்: டயக்னோசிஸ் கார்ட்டின் பிரதி கோரல்.

எனது தாயார் 2024 மார்ச் 4 முதல் 9 வரை 5ஆம் வாட்டில் இருதய நோய்க்குச் சிகிச்சை பெற்றார். அவருடைய பெயர், அடையாள அட்டை இலக்கம், பெட் ஹெட் டிக்கட் இலக்கம் ஆகியன கீழே உள்ளன. அவரது டயக்னோசிஸ் கார்ட் தொலைந்துவிட்டது. அதன் உறுதிப்படுத்திய பிரதி ஒன்றைத் தருமாறு கேட்டுக்கொள்கிறேன். ஏப்ரல் 22ஆம் திகதி கொழும்பில் கிளினிக் இருப்பதால், 18ஆம் திகதிக்கு முன் கிடைத்தால் உதவியாக இருக்கும். தாயாரின் எழுத்துமூலச் சம்மதத்தை இணைத்துள்ளேன். நன்றி.”

இதிலே மரியாதை குறைந்துவிட்டதா? இல்லை. ‘தங்கள்’, ‘தருமாறு’, ‘கேட்டுக்கொள்கிறேன்’ என்பவற்றிலேயே தமிழ் தன் மரியாதையை வைத்திருக்கிறது. மேலே தாழ்மையை ஏற்றினால் மரியாதை கூடுவதில்லை. கேட்பவர் சிறுத்துப்போவதுதான் நடக்கிறது.

நம் பகுதிக்கு இன்னொரு காரணமும் உண்டு. அரச அலுவலகத்துக்குத் தமிழில் எழுதவும் தமிழில் பதில் பெறவும் அரசியலமைப்பு நமக்கு உரிமை தருகிறது. ஆனால் புத்தளம் மாவட்டத்தில் நம் தமிழ்க் கடிதம் பல மேசைகளில் சிங்களத்துக்கு மாற்றப்பட்ட பிறகே வாசிக்கப்படும். திகதி, இலக்கம், ‘பிரதி ஒன்று’ என்பன எந்த மொழியிலும் அப்படியே போய்ச் சேரும். ‘மேலான கவனத்திற்கு ஆவன’ என்பது போகும் வழியிலேயே கரைந்துவிடும்.

நம் நாட்டுச் சட்டம் ஒன்றும் இதே பாதையில்தான் போகிறது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலுக்கான உரிமைச் சட்டத்தின்படி, தகவல் கேட்கும் பிரஜை ஏன் கேட்கிறார் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. ஆனால் எந்தத் தகவல் என்பதை அடையாளம் காணப் போதுமான விபரம் தர வேண்டும். தகவல் அதிகாரி 14 வேலை நாட்களுக்குள் முடிவைச் சொல்ல வேண்டும். அங்கே வேண்டப்படுவது விபரம், பணிவு அல்ல. ஒருவருடைய மருத்துவப் பதிவை அவருடைய எழுத்துமூலச் சம்மதம் இன்றி வெளியிட மறுக்கலாம் என்றும் அதே சட்டம் சொல்கிறது. மேலே உள்ள கடிதத்தில் தாயாரின் சம்மதத்தைச் சேர்த்தது வெறும் சம்பிரதாயம் அல்ல என்பது இதிலிருந்து விளங்கும்.

எல்லா இடத்திலும் வெட்டிவிட முடியாது. நீதிமன்ற மனுவுக்கு உரிய வடிவம் உண்டு. அதைச் சட்டத்தரணியிடம் விட்டுவிடுங்கள். அலுவலகம் படிவம் தந்தால் படிவத்தையே நிரப்புங்கள். ‘மதிப்பிற்குரிய ஐயா அல்லது அம்மணி’ என்பதும் ‘நன்றி’ என்பதும் இருக்கட்டும். வெளிநாட்டில் வேலைக்கு எழுதும் சகோதரிகளுக்கு ஒரு வார்த்தை: அங்கே பலருக்கு ‘டூ த நீட்ஃபுல்’ பழக்கமில்லாத சொல், நாம் பணிவென்று நினைத்து எழுதுவது சிலருக்குக் கட்டளையாகக் கேட்கும். எந்தப் பதவிக்கு விண்ணப்பிக்கிறீர்கள் என்று முதல் வரியிலேயே சொல்லிவிடுங்கள்.

கடிதம் சரியா என்று பார்க்க நான் ஒன்று செய்வதுண்டு. கேட்கும் வாக்கியத்தை மட்டும் விட்டு, மற்றதைக் கையால் மறைத்துவிடுவேன். அந்த ஒரு வாக்கியத்தை வாசிக்கும் எழுதுவினைஞர் எழுந்து போய் எதை எடுத்து வர வேண்டும் என்று தெரிகிறதா? தெரிந்தால் அனுப்பலாம். தெரியாவிட்டால் ‘ஆவன’ என்ற இடத்தில் அந்தப் பொருளின் பெயரை எழுதுங்கள்.

இந்த ஆண்டு உயர்தரம் எழுதும் தங்கைமாருக்கு அடுத்த கடிதத்தை நீங்கள்தான் சொல்லிக்கொடுக்கப் போகிறீர்கள். பழைய மாதிரியைக் கொடுத்துவிடாதீர்கள்.