லீவு கேட்டு எழுதும் மின்னஞ்சல்: எவ்வளவு சொல்ல வேணும்?

(லொங்குய்ய் சந்திப்பில் ஆற்றிய உரை)



சுகமில்லை என்று லீவு கேட்டு எழுதுகிற கடிதங்களில் இரண்டு வகையை நான் அடிக்கடி பார்க்கிறன். ஒன்று, "எனக்கு கொஞ்சம் அலுவல் இருக்கு, வர ஏலாது." மற்றது, வருத்தத்தின் பெயர், ஸ்கான் அறிக்கை, மருந்துப் பட்டியல் எல்லாம் சேர்த்து ஒரு பக்கம். இரண்டுமே சிக்கல்தான். கியூபெக் சட்டப்படி, வராததற்கான காரணத்தை முடிந்தளவு கெதியாகத் தெரிவிக்க வேணும். "அலுவல்" என்பது காரணம் ஆகாது. மற்றப் பக்கத்தில், ஒருக்கால் அனுப்பின அறிக்கையைத் திருப்பி எடுக்க ஏலாது.

களஞ்சியமொன்றில் பெட்டி அடுக்குகிற ஒரு தம்பியின்ர விசயத்தைச் சொல்லுறன். அவருக்குக் குடலிறக்கச் சத்திரசிகிச்சை. மூன்று கிழமை ஓய்வு, பிறகு நாலு கிழமைக்குப் பாரம் தூக்கக்கூடாது என்று வைத்தியர் எழுதிக் குடுத்திருந்தார். அவர் எழுதிக்கொண்டு வந்தது இருபது வரி. நாங்கள் இப்படிச் சுருக்கினோம்:

"பொருள்: மருத்துவ காரணத்துக்கான விடுப்பு, யூன் 8 முதல் 28 வரை.
வணக்கம். எனக்கு சத்திரசிகிச்சை நடக்க இருப்பதால் மேற்படி நாட்களில் வேலைக்கு வர முடியாது. யூன் 29 திரும்புவேன். அதன்பின் நான்கு கிழமைக்கு 10 கிலோவுக்கு மேல் தூக்கக்கூடாது. வைத்தியரின் சான்றிதழை இணைத்துள்ளேன். கிடைத்ததை உறுதிப்படுத்தவும்."

பிரெஞ்சில் எழுதினாலும் இந்த ஐந்து வரி போதும். எந்த வருத்தம் என்று இதில் இல்லை. ஆனால் 10 கிலோ கணக்கு இருக்கு. ஏனென்றால் அது வேலையைத் தொடுகிற விசயம், மேற்பார்வையாளர் அதுக்கேற்ற வேலை பார்த்துத் தர வேணும். வருத்தத்தின் பெயரைக் காப்புறுதி நிறுவனம் கேட்டால், அதுக்குரிய படிவத்தில் நேரடியாக அவைக்கே எழுதுங்கோ.

வருத்தத்துக்கு 12 மாதத்தில் 26 கிழமை வரை லீவு எடுக்கலாம், வேலை பறிபோகாது. மூன்று மாதம் தொடர்ந்து வேலை செய்தவருக்கு ஆண்டுக்கு இரண்டு நாள் சம்பளத்தோடு. ஆனால் குடும்பத்தாரைப் பராமரிக்க எடுக்கிற லீவும் அந்த இரண்டு நாளுக்குள்தான் அடங்கும். 2025 சனவரி 1 முதல், மூன்று நாள் வரையான லீவு என்றால் 12 மாதத்தில் முதல் மூன்று தடவைக்கு வைத்தியர் சான்றிதழ் கேட்கக்கூடாது. தம்பியின்ரது மூன்று கிழமை, அதனால் அவரிடம் கேட்கலாம்.

குடும்ப நிகழ்வென்றால் உறவும் திகதியும் காணும். சகோதரர் கலியாணத்துக்கு ஒரு நாள், சம்பளம் இல்லை. ஒரு கிழமைக்கு முன்னம் எழுத வேணும். தாய் தகப்பன் இறந்தால் ஐந்து நாள், அதில் இரண்டு சம்பளத்தோடு. சித்தப்பாவை நாங்கள் அப்பா என்று கூப்பிட்டாலும், "தகப்பன்" என்று எழுதாதையுங்கோ. இந்த ஐந்து நாள் அவருக்குக் கிடையாது. பிறகு சான்று கேட்டால் பொய் சொன்னதாகப் போயிடும்.

அனுப்பின மின்னஞ்சலையும் பதிலையும் அழிக்காமல் வையுங்கோ. தொலைபேசியில் சொன்னாலும் அன்றைக்கே எழுதிப்போடுங்கோ. லீவு எடுத்ததுக்காக வேலையால நிப்பாட்டினால் 45 நாளுக்குள் சி.என்.இ.எஸ்.எஸ்.டி. அலுவலகத்தில் முறைப்பாடு செய்ய வேணும். அப்ப உங்கட கையில் இருக்கிற சாட்சி அந்தக் கடிதம்தான்.