மோதியது யார், மறித்தது யார்?

(மஞ்சூரில் நடந்த ஆசிரியர் கூட்டத்தில் உடற்கல்வி ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இங்கே உடற்கல்வி ஆசிரியர்கள் மட்டும் இல்லை. கணக்கு, தமிழ், அறிவியல் ஆசிரியர்களும் வந்திருக்கிறீர்கள். குறுவட்டப் போட்டி வந்தால் நம் மலைப் பள்ளிகளில் யார் கையில் விசில் வரும் என்று சொல்ல முடியாது. அதனால் கூடைப்பந்தில் நடுவரை அதிகம் திணறவைக்கும் ஒரே ஒரு தீர்ப்பைப் பற்றி மட்டும் பேசுகிறேன். நான் செய்த தவறிலிருந்தே தொடங்குகிறேன்.

பல ஆண்டுகளுக்கு முன் 17 வயதுக்குட்பட்ட மாணவியர் ஆட்டம் ஒன்றுக்கு நான் நடுவர். கடைசி நிமிடம். ஒரு புள்ளி பின்தங்கியிருந்த அணியின் மாணவி பந்தைத் தட்டிக்கொண்டு உள்ளே புகுந்து, எம்பிக் கூடையை நோக்கி எறிந்தாள். வளையத்துக்கு நேர் கீழே எதிரணி மாணவி நின்றாள். இருவரும் மோதி, நின்றவள் சிமெண்ட் தரையில் விழுந்தாள். பந்து கூடைக்குள் போனது. நான் விசில் ஊதி, மோதியது தாக்கிய மாணவியின் தவறு என்று கூடையை ரத்து செய்தேன். அந்த அணி ஒரு புள்ளியில் தோற்றது. ஆட்டம் முடிந்ததும் அவர்களின் ஆசிரியர் என்னிடம் கோபப்படவில்லை. "சார், அவ எம்பும்போது அந்தப் பொண்ணு எங்க நின்னா?" என்று மட்டும் கேட்டார். என்னிடம் பதில் இல்லை. நான் பந்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்தக் கேள்விக்குள் விதி முழுவதும் இருக்கிறது.

பந்தோடு வருபவர், முறையாக இடம் பிடித்து நிற்பவரின் உடம்பில் போய் முட்டினால் அது 'சார்ஜிங்'. தடுப்பவர் முறையாக இடம் பிடிக்காமல் குறுக்கே வந்து முட்டலை உண்டாக்கினால் அது 'பிளாக்கிங்'. முறையாக இடம் பிடிப்பது என்றால் எதிராளியை நேருக்கு நேர் பார்த்து, இரண்டு காலையும் தரையில் ஊன்றியிருப்பது. பேருந்தில் உட்கார்ந்துவிட்டவருக்குத்தான் இருக்கை. ஜன்னல் வழியே துண்டை நீட்டிக்கொண்டிருப்பவருக்கு இல்லை. இங்கேயும் கணக்கு அதுதான்.

நம்மில் பலர் இரண்டு இடங்களில் சறுக்குகிறோம். முதலாவது, தடுப்பவர் சிலை மாதிரி நிற்க வேண்டும் என்று நினைப்பது. விதி அப்படிச் சொல்லவில்லை. ஒருமுறை முறையாக இடம் பிடித்தபின் அவர் பக்கவாட்டிலோ பின்னாலோ நகர்ந்து எதிராளியின் முன்னால் இருக்கலாம். அப்போது முட்டல் அவருடைய நெஞ்சில் விழுந்தால் அது தாக்கியவரின் தவறு. முன்னோக்கிப் பாய்ந்து முட்டினாலோ, இடுப்பையும் முழங்காலையும் வெளியே நீட்டி மறித்தாலோதான் தடுப்பவரின் தவறு. இரண்டாவது, யார் விழுந்தார் என்று பார்த்துத் தீர்ப்புச் சொல்வது. விழுவது எதற்கும் சான்று அல்ல.

தாக்குபவர் தரையில் இருக்கும்வரை, தடுப்பவர் எவ்வளவு அருகில் வந்தும் இடம் பிடிக்கலாம். பந்து வைத்திருப்பவர் எப்போதும் மறிக்கப்படலாம் என்று எதிர்பார்த்தே ஆட வேண்டும். ஆனால் அவருடைய கால் தரையை விட்டதும் கணக்கு மாறிவிடுகிறது. காற்றில் இருப்பவரால் நிற்கவும் முடியாது, திரும்பவும் முடியாது. ஆகவே எம்பிய பிறகு யாரும் அவர் போகும் பாதைக்குள் வரக்கூடாது. அதனால்தான் எம்பும் நொடியில் தடுப்பவரின் கால்கள் எங்கே இருந்தன என்று பார்க்கச் சொல்கிறேன்.

இனி வளையத்துக்குக் கீழே வருவோம். தடுப்பு வீரர்கள் கூடைக்கு அடியில் போய் நின்றுகொண்டு, எம்பி வருபவர் மேலே வந்து விழட்டும் என்று காத்திருந்து தவறு வாங்கிக்கொடுக்கும் பழக்கம் வளர்ந்தது. அங்கே நிற்பவர் எறிவதைத் தடுப்பதில்லை. இறங்கும் இடத்தை மட்டும் அடைக்கிறார். இருவருக்கும் அடிபடும். இதைத் தடுக்க அமெரிக்காவின் என்.பி.ஏ. 1997-98 பருவத்தில் கூடைக்கு அடியில் ஓர் அரைவட்டம் வரைந்தது. நாம் பின்பற்றும் ஃபிபா விதிகளில் அது 2010 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. மூன்று நொடி விதிக்கான பெரிய கட்டம் வேறு, இந்தச் சிறிய அரைவட்டம் வேறு.

விதி இதுதான். பந்தோடு காற்றில் இருப்பவர் கூடைக்கு எறியும்போதோ பந்தைக் கொடுக்கும்போதோ, அரைவட்டத்துக்குள் கால் வைத்திருக்கும் தடுப்பாளர்மீது மோதினால், சார்ஜிங் கொடுக்கக்கூடாது. ஆனால் அவர் கையால் தள்ளினாலோ முழங்காலைத் தூக்கி இடித்தாலோ இந்தச் சலுகை இல்லை. எம்பாமல் தரையில் தட்டிக்கொண்டே வந்து முட்டினாலும் இல்லை.

இதற்காக உள்ளே நிற்பவர்மீது எப்போதும் தவறு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். அவர் கைகளை உயர்த்தி, தன் இடத்திலேயே நேராக நின்றாலோ நேர் மேலே எம்பினாலோ, முட்டல் நடந்தாலும் விசில் ஊதாமல் ஆட்டத்தைத் தொடரவிடலாம். சாய்ந்தோ கையை இறக்கியோ இடித்தால் மட்டும் அவர்மீது தவறு.

ஒரே காட்சியை மூன்று விதமாகப் பாருங்கள். 7ஆம் எண் மாணவி உள்ளே புகுந்து எம்புகிறாள். அவள் எம்புமுன்பே தடுப்பவள் அரைவட்டத்துக்கு வெளியே இரு கால் ஊன்றிவிட்டாள், முட்டல் நெஞ்சில்: சார்ஜிங். பந்து எதிரணிக்கு, தனி எறி இல்லை. எம்பிய பிறகு தடுப்பவள் ஓடிவந்து காலை ஊன்றினாள்: பிளாக்கிங். கூடை விழுந்தால் அது செல்லும், கூடவே ஒரு தனி எறி, விழாவிட்டால் இரண்டு. எம்பும்போது தடுப்பவள் அரைவட்டத்துக்குள் நேராக நிற்கிறாள்: சார்ஜிங் இல்லை, ஆட்டம் தொடரும்.

இதைச் சரியாகப் பார்க்க, கூடைக்குப் பின்னால் எல்லைக்கோட்டில் நிற்கும் நடுவர் பந்தைத் தன் துணை நடுவரிடம் விட்டுவிட வேண்டும். உதவிக்கு ஓடிவரும் தடுப்பாளரின் கால்களை முன்கூட்டியே பிடித்துக்கொள்ள வேண்டும். முட்டிய பிறகு பார்த்தால் தாமதம்.

கோடே இல்லாவிட்டால் எதைப் பார்ப்பது? 2010க்கு முன் வண்ணமடித்த மைதானங்களில் மூன்று நொடிப் பகுதி அடி அகன்ற சரிவக வடிவில் இருக்கும், அரைவட்டம் இருக்காது. நான் தவறிய மைதானமும் அப்படித்தான். நாமே வரையலாம். வளையத்தின் குறுக்கே ஒரு நூலைக் கட்டி, அதன் நடுவிலிருந்து எடைகட்டிய நூலைத் தொங்கவிடுங்கள். அது தரையைத் தொடும் புள்ளிதான் மையம். சரியாக நட்ட கம்பமென்றால் அது எல்லைக்கோட்டின் உள்விளிம்பிலிருந்து 1.575 மீட்டரில் இருக்கும். மையத்திலிருந்து 1.25 மீட்டர் கயிற்றால் மைதானப் பக்கம் அரைவட்டம் போடுங்கள். அது கோட்டின் உள்விளிம்பு. இரு முனையிலிருந்தும் எல்லைக்கோட்டை நோக்கி 37.5 செ.மீ. நேர்கோடு இழுத்தால், பலகையின் முகப்புக்கு நேர் கீழே முடியும். கோட்டின் தடிமன் 5 செ.மீ. கணக்கு ஆசிரியர் எட்டாம் வகுப்பை அழைத்து வந்தால் ஒரு பாடவேளையில் முடிந்துவிடும்.

பிறகு பிள்ளைகளை நடக்கும் வேகத்தில் ஆடவிடுங்கள். தாக்குபவர் எம்ப வேண்டிய இடத்தில் நீங்கள் கைதட்ட, எல்லோரும் அப்படியே நிற்கட்டும். தடுப்பவரின் காலைப் பார்த்து மாணவர்களே தீர்ப்புச் சொல்லட்டும். அரைவட்டத்துக்குள் காத்திருந்தால் பயன் இல்லை என்று புரிந்தவர்கள் ஓரடி முன்னே வந்து இடம் பிடிப்பார்கள். விழுவதும் குறையும்.

அன்று அந்த ஆசிரியர் கேட்ட கேள்விக்கு என் பதில் இது: எம்பும்போது அந்தப் பெண் வளையத்துக்கு நேர் கீழே நின்றாள், அந்தக் கூடையை நான் ரத்து செய்திருக்கக் கூடாது.