கடைசி வரியில் தொங்கும் எச்சம்



மடல் எழுதக் கற்பிக்கும் ஆசிரியர்கள் கூடியிருக்கும் இந்தக் கருத்தரங்கில், மடலின் கடைசி இரண்டு வரிகளை மட்டும் என் தலைமை உரைக்கு எடுத்துக்கொள்கிறேன். ‘அவெய்ட்டிங் யுவர் எர்லி ரிப்ளை’, ‘தேங்கிங் யூ இன் அட்வான்ஸ்’. நம் மாணவர்கள் ஆங்கிலத்தில் எழுதும் விண்ணப்பங்களின் அடியில் இவை தவறாமல் நிற்கின்றன. நாமும் சிவப்பு மையால் சுழித்துவிடுகிறோம். ஏன் தவறு என்று சொல்லாததால் அடுத்த மடலிலும் அதே வரிகள் வருகின்றன.

19ஆம் நூற்றாண்டு ஆங்கில மடல்களின் முடிவைப் பாருங்கள். ‘அவெய்ட்டிங் யுவர் ரிப்ளை, ஐ ரிமெய்ன், சார், யுவர் ஒபீடியன்ட் சர்வன்ட்’ என்று கையொப்பம் வரை ஒரே வாக்கியமாக ஓடும். ‘அவெய்ட்டிங்’ ஓர் எச்சம். அதற்கு எழுவாய் ‘ஐ’, முற்று ‘ரிமெய்ன்’. பின்னாளில் மடல் சுருங்கியபோது ‘ஐ ரிமெய்ன்’ உதிர்ந்தது. முற்று போய்விட, எச்சம் மட்டும் தங்கியது. அதன் பின்னால் முற்றுப்புள்ளி வைத்ததும் வாக்கியமே இல்லாத ஒன்று வாக்கியம்போல் நிற்கிறது. பழைய வடிவத்தை முழுமையாக எழுதினால் இலக்கணப் பிழை இல்லை, நடை மட்டுமே பழையது.

இந்தக் குறை நம் காதுக்கு ஏன் கேட்பதில்லை? காரணம் தமிழில் இருக்கிறது என்பது என் துணிபு. ‘தங்கள் மறுமொழியை எதிர்நோக்கும்’ என்று எழுதிக் கீழே பெயரை எழுதுகிறோம். ‘எதிர்நோக்கும்’ பெயரெச்சம். கையொப்பமிடும் பெயரே அது தழுவும் பெயர், ஆகவே தொடர் நிறைவாக இருக்கிறது. அந்தப் பழக்கத்தோடு ஆங்கிலத்துக்குப் போகும் மாணவனுக்கு ‘அவெய்ட்டிங்’ என்பதும் கீழே உள்ள தன் பெயரைப் பிடித்துக்கொள்வதாகத் தோன்றுகிறது. ஆங்கிலத்தில் அது பிடிக்காது. தமிழிலும் ‘மறுமொழியை எதிர்பார்த்து, இப்படிக்கு’ என்று எழுதினால் இதே தவறுதான். அங்கே நிற்பது வினையெச்சம், அது முடிய ஒரு வினை வேண்டும்.

திருத்தம் எளிது: ‘ஐ லுக் ஃபார்வர்ட் டு யுவர் ரிப்ளை’. எழுவாயும் முற்றும் திரும்பி வந்துவிட்டன. ஆனால் இங்கே இன்னொரு குழி இருக்கிறது. ‘லுக்கிங் ஃபார்வர்ட் டு ஹியர்’ என்று எழுதுவோர் பலர். இந்த ‘டு’ முன்னிடைச்சொல், பின்னால் ‘ஹியரிங்’ என்றுதான் வர வேண்டும். ‘டு யுவர் ரிப்ளை’ என்று அங்கே பெயர்ச்சொல் இயல்பாக அமைவதைக் காட்டினால் மாணவருக்கு உடனே விளங்கும்.

இனி ‘எர்லி’. ஒரு நூலகத்துக்கு ஒருமுறை பழைய இதழொன்றின் சில பக்கங்களுக்குப் படி கேட்டு எழுதினேன். முடிவில் ‘விரைவான பதிலை எதிர்நோக்குகிறேன்’ என்றேன். படி வந்து சேர்ந்தபோது என் கட்டுரை அச்சுக்குப் போய்விட்டிருந்தது. அவர்கள் தாமதிக்கவில்லை. அவர்கள் கணக்கில் ஆறு வாரம் விரைவுதான், நான்தான் நாளைச் சொல்லவில்லை. இன்று எழுதினால் இப்படி எழுதுவேன்: ‘கட்டுரையை மார்ச் 20 அன்று அச்சுக்குக் கொடுக்க வேண்டும். மார்ச் 10க்குள் படி கிடைத்தால் பயன்படும். அதற்குள் இயலாதெனில் ஒரு வரி தெரிவித்தால் வேறு வழி தேடுவேன்.’ நாளும் அதன் காரணமும் வந்ததும் ‘விரைவான’ தேவையற்றுப் போகிறது. சட்டமே நாளைக் குறித்திருந்தால் அந்த வரியே வேண்டாம். 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி பொதுவாக 30 நாளில் பதில் தர வேண்டும். அங்கே ‘விரைவில்’ என்று கெஞ்சுவது நம் உரிமையை நாமே சலுகையாக்குவது.

‘தேங்கிங் யூ’ என்பதும் அதே எச்சம்தான், ‘தேங்க் யூ’ என்றால் சரியாகிவிடும். ‘இன் அட்வான்ஸ்’ இலக்கணப் பிழை அன்று, அதைச் சுழிக்கும்போது மாணவரிடம் பிழை என்று சொல்லக் கூடாது. அதன் குறை வேறு. கேட்டதைப் படிப்பவர் செய்தே தீருவார் என்று அது முடிவு கட்டிவிடுகிறது. மறுக்கும் உரிமை உள்ளவரிடம் இப்படி எழுதினால், மறுக்கும்போது அவர் வாங்கிய நன்றியைத் திருப்பித் தர வேண்டியவர் ஆகிறார். முன்பே ஒப்புக்கொண்டவருக்கு எழுதும்போது இந்தச் சங்கடம் இல்லை. திருக்குறளின் 11ஆம் அதிகாரத்துக்குப் பெயர் ‘செய்ந்நன்றி அறிதல்’. செய்த நன்மையை அறிவதே அங்கே பேச்சு. கேட்கும் மடலில் ‘தங்கள் உதவி கிடைத்தால் நன்றியுடையவனாவேன்’ என்று எழுதலாம். நன்றியை, உதவி வந்த பிறகு தனி மடலில் எழுதலாம். முன்கூட்டியே சொல்லிவிட்டவர்கள் பெரும்பாலும் அந்த இரண்டாம் மடலை எழுதுவதே இல்லை. என்னை உறுத்துவது அதுதான்.

உங்கள் கோப்பில் பெயர் நீக்கிய மாணவர் மடல்கள் பத்து இருக்கின்றன. முதல் அமர்வில் ஒவ்வொன்றின் கடைசி வரியையும் தனியே உரக்கப் படியுங்கள். யார் செய்கிறார், எந்த வினை முடிகிறது, எந்த நாளுக்குள் என்று கேட்டு மூன்றையும் ஓரத்தில் எழுதுங்கள். அமர்வைத் தொடங்கிவைக்கிறேன்.