நீரிழிவு நோயாளரின் விழித்திரை வரைபடம்



நீரிழிவு உள்ளவர் கண் மருத்துவமனையிலிருந்து திரும்பும்போது வண்ணத்தாள் ஒன்றைக் கையில் கொண்டு வருகிறார். அதில் பல நிற வட்டம் ஒன்றும், கட்டங்களுக்குள் ஒன்பது எண்களும் இருக்கும். பெரும்பாலும் அத்தாள் படிக்கப்படாமலே மருந்துச் சீட்டுகளோடு கட்டி வைக்கப்படுகிறது. அதில் எழுதியிருப்பது என்ன என்பதே இவ்வுரையின் பொருள்.

ஓ.சி.டி. என்னும் அக்கருவி, கண்ணைத் தொடாமல், அகச்சிவப்பை ஒட்டிய மெல்லொளியை உள்ளே செலுத்துகிறது. விழித்திரையின் ஒவ்வோர் அடுக்கிலிருந்தும் திரும்பி வரும் ஒளியைக் கொண்டு, அதன் குறுக்குவெட்டுத் தோற்றத்தை வரைகிறது. பின்னர் விழித்திரையின் மேல் எல்லையிலும் கீழ் எல்லையிலும் கணினி ஒவ்வொரு கோடு இடுகிறது. இவ்விரு கோடுகளுக்கு இடைப்பட்ட தொலைவே தடிமன். அது மைக்ரானில், அதாவது மில்லிமீட்டரின் ஆயிரத்தில் ஒரு பங்கில், குறிக்கப்படுகிறது. அந்தத் தடிமனை நிறமாக மாற்றினால் வரைபடம் கிடைக்கிறது.

சிவப்பைக் கண்டவுடன் நோய் என்று அஞ்சுவோர் உளர். அது சரியன்று. கூர்ந்த பார்வைக்குரிய மாக்குலாவின் நடுவே இயல்பாகவே சிறு பள்ளம் உண்டு. அதனைச் சூழ்ந்த பகுதி தடித்திருக்கும். ஆகவே நலமான கண்ணிலும் நடுவில் நீலமும் சுற்றிலும் வெப்பநிற வளையமும் தோன்றும். அந்த நீலப் பள்ளம் மறைந்து, அதன் இடத்தில் சிவப்போ வெண்மையோ ஏறுவதே வீக்கத்தின் அடையாளம். நீரிழிவினால் பழுதுற்ற நுண்குழாய்கள் நீரைக் கசியவிடுகின்றன. அந்நீர் அடுக்குகளுக்கிடையே தேங்குகிறது. குறுக்குவெட்டுப் படத்தில் இது கருநிறக் குமிழ்களாகத் தெரியும்.

ஒன்பது எண்களுள் முதலில் நோக்க வேண்டியது, 1 மில்லிமீட்டர் விட்டமுள்ள நடுவட்டத்தின் எண். ஸ்பெக்ட்ராலிஸ் என்னும் கருவியில் பெண்களுக்கு 305, ஆண்களுக்கு 320 மைக்ரானும் அதற்கு மேலும் இருப்பின் நடு வீக்கம் என ஆய்வுகளில் கொள்ளப்பட்டது. சிரஸ் என்னும் கருவியில் அவ்வெல்லைகள் 290, 305. கீழ்க்கோட்டைக் கருவிக்குக் கருவி வேறு அடுக்கில் இடுவதே இவ்வேற்றுமைக்குக் காரணம். எனவே ஒரு மருத்துவமனையின் எண்ணை மற்றொன்றின் எண்ணோடு நேராக ஒப்பிடலாகாது. கூடுமானவரை ஒரே கருவியில் எடுப்பதே நன்று.

எடுத்துக்காட்டாக, 58 வயதுடைய அம்மையார் ஒருவரைக் கருதுக. அவருக்கு ஸ்பெக்ட்ராலிஸ் கருவியில் வலக்கண்ணின் நடு எண் 468, பார்வை 6/24. இடக்கண்ணில் எண் 331, பார்வை 6/6. இரண்டிலும் நடு வீக்கம் உண்டு. ஆயினும் இரண்டிற்கும் மருத்துவம் ஒன்றன்று.

வலக்கண்ணில், கசிவைத் தூண்டும் புரதத்தைத் தடுக்கும் மருந்து மாதந்தோறும் கண்ணுக்குள் ஊசியாகச் செலுத்தப்படுகிறது. மூன்றாம் ஊசிக்குப் பின் எண் 352; ஐந்தாம் ஊசிக்குப் பின் 296, பார்வை 6/9. பள்ளத்தின் நீலம் மீண்டும் தெரிகிறது. அடுத்து வரும் படங்களில் எண் நிலைத்து நின்றால் ஊசிகளுக்கிடையே இடைவெளி கூட்டப்படும்; ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு உயர்ந்தால் மீண்டும் ஊசி. இங்கு வரைபடமே நாட்காட்டி எனலாம்.

ஆறாம் வருகையில் எண் திடீரென 398 எனக் காட்டுகிறது, பார்வையோ குறையவில்லை. இத்தகைய முரண்பாடு தோன்றும்போது ஊசிக்கு முன் குறுக்குவெட்டுப் படத்தையே பார்த்தல் வேண்டும். அம்மையாரின் பார்வை விலகியதால் நடுவட்டம் பள்ளத்தின்மேல் அமையாமல் தடித்த விளிம்பின்மேல் அமைந்திருந்தது. குமிழ்கள் எவையும் இல்லை. மீண்டும் எடுத்த படத்தில் எண் 299. கண்புரையினால் படம் மங்கினும், இமைத்தலால் கோடு பிசகினும் இவ்வாறே பொய்யான எண் வரும். வரைபடத்தில் திடீரெனத் தோன்றும் கூரிய ஆப்பு வடிவம் அப்பிழையைக் காட்டிக்கொடுக்கும்.

இனி இடக்கண். வீக்கம் இருந்தும் பார்வை நன்றாக உள்ள கண்களை அமெரிக்க ஆய்வொன்று மூன்று குழுவாகப் பிரித்து நோக்கியது: உடனே ஊசி, முதலில் லேசர், முதலில் கண்காணிப்பு. பின்னிரு குழுக்களிலும் பார்வை குறைந்தால் ஊசி தொடங்கப்பட்டது. 2019இல் வெளியான அதன் முடிவின்படி, இரண்டாண்டுகளுக்குப் பின் பார்வை இழந்தோரின் விகிதம் மூன்றிலும் ஏறத்தாழ ஒன்றே. ஆகவே அம்மையாரின் இடக்கண்ணுக்கு இப்போது ஊசி இல்லை. சர்க்கரையும் இரத்த அழுத்தமும் கட்டுக்குள் இருத்தலும், குறித்த நாளில் தவறாது படம் எடுத்தலுமே அக்கண்ணின் மருத்துவம். பார்வை அட்டையில் இரண்டு வரி குறைந்தாலோ, சிறு குறைவு அடுத்தடுத்த இரு வருகைகளிலும் நீடித்தாலோ அன்றே ஊசி தொடங்கும்.

எண் குறைந்தும் பார்வை தேறாத கண்களும் உண்டு. நுண்குழாய்கள் அடைபட்டு நரம்பணுக்கள் நலிந்திருப்பின் விழித்திரை மெலிந்தே காணப்படும். அங்கே 250 என்னும் எண் நற்செய்தி அன்று. அத்தகைய கண்ணில் தடிமன் வரைபடம் போதாது. இரத்த ஓட்டத்தைக் காட்டும் வேறு பரிசோதனை தேவைப்படுகிறது.