அளவும் அளவும்: ஆங்கில ஒப்பீட்டுத் தொடர்களைத் தமிழ்வழி அறிதல்



1922ஆம் ஆண்டில் சுல்தான் இட்ரிஸ் பயிற்சிக் கல்லூரி தொடங்கப்பெற்ற நாள்தொட்டு ஆசிரியர்களை உருவாக்கிவரும் ஊர் தஞ்சோங் மாலிம். இங்குப் பயிலும் தமிழ் மாணவர் வீட்டில் தமிழும், பள்ளியில் மலாயும் ஆங்கிலமும் புழங்குகின்றனர். ஆகவே, ஓர் ஆங்கிலத் தொடரில் அவர்கள் இடறும்போது, மற்ற இரு மொழிகளையும் சேர்த்து நோக்கினால்தான் அதன் காரணம் புலப்படும். அத்தகைய தொடர்கள் இரண்டனை இன்று எடுத்துக்கொள்கிறேன்.

முதலாவது, ‘த மோர், த மெரியர்’ என்னும் வகை. ஒன்று மிக மிக மற்றொன்றும் மிகும் என்பது இதன் பொருள். ரப்பர்த் தோட்டத்து உண்மை ஒன்றையே சான்றாகக் கொள்வோம். விடியற்குளிரில் மரத்தின் பாற்குழாய்களில் அழுத்தம் மிகுந்திருக்கும். வெயில் ஏற ஏற அது தாழும். ஆதலின் எவ்வளவுக்கெவ்வளவு முந்தி மரம் வெட்டுகிறோமோ, அவ்வளவுக்கவ்வளவு பால் மிகுதியாகக் கிடைக்கும். இதனை ஆங்கிலத்தில் ‘த எர்லியர் வீ டேப், த மோர் லேட்டெக்ஸ் வீ கெட்’ என்பர்.

மாணவர் எழுதுவது பெரும்பாலும் இரு வகையாக அமையும். ‘ஹவ் எர்லி வீ டேப், தட் மச் லேட்டெக்ஸ் வீ கெட்’ என்பது ஒன்று. ‘எவ்வளவு’, ‘அவ்வளவு’ என்னும் தமிழ்ச் சொற்களின் நிழல் இதில் விழுந்துள்ளது. ‘எர்லியர் வீ டேப், மோர் லேட்டெக்ஸ் வீ கெட்’ என்று ‘த’ இரண்டையும் விட்டுவிடுவது மற்றொன்று. மலாயில் ‘செமாகின்’ என்னும் ஒரே சொல் இரு பகுதிகளின் முன்னும் நின்று இப்பொருளைத் தந்துவிடும். சுட்டிடைச்சொல் அங்கே வேண்டுவதில்லை. தமிழிலும் அத்தகைய சொல் இல்லை. எனவே, ‘த’ என்பதை வெற்று அலங்காரமென்று மாணவர் விட்டுவிடுகின்றனர்.

ஆனால், இந்தத் ‘த’ பெயர்ச்சொல்லின் முன் வரும் சுட்டிடைச்சொல் அன்று. பழைய ஆங்கிலத்தில் ‘அந்த அளவால்’ என்று பொருள்தந்த கருவி வேற்றுமை வடிவம் தேய்ந்து நிற்பதே அது. அதாவது, நம் ‘எவ்வளவுக்கு’, ‘அவ்வளவுக்கு’ என்பவை செய்யும் வேலையையே அந்த இரு ‘த’க்களும் செய்கின்றன. இதனை விளக்கிவிட்டால் மாணவர் அவற்றை விடார்.

இன்னொன்றும் கவனிக்கத் தக்கது. இரு பகுதிகளும் ஒத்த வடிவில் இருந்தாலும், முதற்பகுதி சார்பு வாக்கியம். இரண்டாவதே முதன்மை வாக்கியம். வரிசையை மாற்றிப் பார்த்தால் இது தெளிவாகும். ‘வீ கெட் மோர் லேட்டெக்ஸ், த எர்லியர் வீ டேப்’ என்னும்போது, முதன்மைப் பகுதி தன் ‘த’வை இழந்து இயல்பான வாக்கியமாகிவிடுகிறது; சார்புப் பகுதியோ தன் ‘த’வை விடாது நிற்கிறது. தமிழில் இந்தச் சார்பினை ‘வெட்டுகிறோமோ’ என்பதன் ஓகாரம் காட்டுகிறது.

இரண்டாவது, ‘ஆஸ் டால் ஆஸ்’ என்னும் சமன்மைத் தொடர். முதல் ‘ஆஸ்’ நம் ‘அத்துணை’ போன்றது. இரண்டாவது ‘எத்துணை’ போன்றது. இரண்டனுக்கும் இடையே பண்புச்சொல் இயல்பு வடிவிலேயே நிற்கும். ‘ஆஸ் டாலர் ஆஸ்’ என எழுதுவோர் சமன்மையையும் மிகுதியையும் கலந்துவிடுகின்றனர். ‘சேம் டால் வித்’ என எழுதுவோர், ‘சாமா திங்கி டெங்ஙான்’ என்னும் மலாய்த் தொடரைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்துவிடுகின்றனர்.

பொருட்பிழை எதிர்மறையில்தான் நேர்கிறது. ‘நாட் ஆஸ் டால் ஆஸ்’ என்பது ‘வேறுபட்ட உயரம்’ என்று பொருள்படாது. ‘குறைந்த உயரம்’ என்றே பொருள்படும். ‘தம்பி அண்ணனும் ஒரே உயரம் இல்லை’ என்று மொழிபெயர்த்தால் யார் உயரம் என்பது விளங்காது. ‘தம்பி அண்ணன் அளவு உயரம் இல்லை’ என்றால் பொருள் அப்படியே அமையும். ஆகவே, இத்தொடரைக் கற்பிக்கும்போது ‘சமம்’ என்னும் சொல்லைவிட ‘அளவு’ என்னும் சொல்லே உற்ற துணை.

இவ்விரு தொடர்களையும் ஒருசேரக் கற்பிக்கத் தமிழிலேயே வழியுண்டு. திருக்குறளில் கல்வி அதிகாரத்து 396ஆம் குறள் தோண்டும் அளவுக்கு மணற்கேணி ஊறுவதையும், கற்கும் அளவுக்கு அறிவு பெருகுவதையும் இணைக்கிறது, இது உடன்மிகுதி. ஊக்கமுடைமை அதிகாரத்து 595ஆம் குறள் நீரின் ஆழத்தளவே மலர்த்தண்டின் நீளம் என்கிறது, இது சமன்மை. முன்னதில் ‘அனைத்து’ என்றும் பின்னதில் ‘அனைய’ என்றும் வருபவை ஒரே அடியிற் பிறந்த சொற்கள். ஒரே அடி இரு பொருளுக்கும் இடந்தருவதற்குக் காரணம், இரண்டும் அளவை அளவோடு பொருத்துவதே. ஒன்றில் இரு அளவுகளும் நின்றபடியே ஒத்திருக்கின்றன. மற்றொன்றில் ஒன்று வளர மற்றொன்றும் உடன்வளர்கிறது.

வகுப்பில் இந்த வேறுபாட்டை முதலில் தமிழில் வினவுங்கள்: அளவு நிற்கிறதா, வளர்கிறதா? நின்றால் ‘ஆஸ்’ இரண்டு. வளர்ந்தால் ‘த’ இரண்டு. விடை கிடைத்தபின் ஆங்கிலத் தொடரை எழுதச் சொல்லுங்கள்.