புதுசாய் ஒரு பழமொழி



பீட்டர் பெர்சிவல் என்ற பாதிரியார் 1874-இல் சென்னையில் ஒரு தொகுப்பு வெளியிட்டார். ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட தமிழ்ப் பழமொழிகள் அதில் உண்டு. உரல், உலக்கை, மாடு, மாமியார், கடன்காரன் என்று ஊரில் உள்ள எல்லாரும் எல்லாமும் அதில் அகப்பட்டிருக்கிறார்கள். கைப்பேசி மட்டும்தான் தப்பித்தது, அப்போது பிறக்காததால். அந்தக் குறையை நாமே வீட்டில் உட்கார்ந்து தீர்த்துவைக்கலாம். செலவு கிடையாது. ஆனால் செய்முறை ஒன்று உண்டு, அதைத்தான் இன்று பார்க்கப்போகிறோம்.

எல்லாரும் முதலில் செய்வது, பழைய பழமொழியில் ஒரு சொல்லைப் பிடுங்கிவிட்டு வேறொன்றை நடுவது. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இதையே, ‘படமெடுக்கத் தெரியாதவன் கேமரா மோசம் என்றானாம்’ என்று மாற்றினால் சிரிப்பு வரும். ஆனால் அந்தச் சிரிப்பில் பாதி பழைய ஆளுக்குச் சேர வேண்டியது. மூலத்தை அறியாத பேரப்பிள்ளையிடம் சொல்லிப் பாருங்கள், மேலும் கீழும் பார்ப்பான். நான் சொல்லவருவது அச்சை மட்டும் கடன் வாங்கி, உள்ளே எல்லாவற்றையும் புதிதாக வார்ப்பதைப் பற்றி.

தொல்காப்பியர் முதுமொழியைப் பற்றிச் சொல்லும்போது நுட்பம், சுருக்கம், ஒளி, மென்மை என்று அடுக்கிவிட்டு, சொல்லவந்த பொருளை முடித்துக் கொடுக்க வருவது அது என்கிறார். இந்தக் கடைசிச் செய்தியைத்தான் புதுமொழி செய்கிறவர்கள் மறந்துவிடுகிறோம். பழமொழி தனியாக வந்து நிற்பதில்லை. கண்ணெதிரே ஏதோ ஒன்று நடந்துகொண்டிருக்கும்போது, நடுவில் வந்து விழுகிறது. அதனால் அந்த ‘ஏதோ ஒன்றை’ முதலில் பிடிக்க வேண்டும்.

ஒன்றைப் பிடிப்போம். வாழையிலை போட்டாயிற்று. சோறு, சாம்பார், அப்பளம் எல்லாம் வந்தாயிற்று. உட்கார்ந்திருக்கிறவர் இடது கையில் போன், கட்டைவிரல் மேலும் கீழும் போய்வந்துகொண்டிருக்கிறது. இதற்கு ஒரு பழமொழி வேண்டும்.

‘சாப்பிடும்போது போன் பார்க்காதே.’ இது சுவரில் எழுதிவைக்கும் அறிவிப்பு. பழமொழி ஏவாது, வேடிக்கை பார்க்கும். சரி, ‘போன் பார்த்துச் சாப்பிட்டால் ருசி தெரியாது’ என்றால்? உண்மைதான், ஆனால் டாக்டர் சொல்வதைப்போல் இருக்கிறது. காதில் ஒட்டவில்லை, கண்ணில் ஒன்றும் தெரியவில்லை. 

கண்ணில் என்ன தெரிகிறது? சோறு ஆறிக்கொண்டிருக்கிறது. அப்போ, ‘போன் பார்த்தவன் சோறு ஆறிப்போச்சு.’ இப்போது படம் வந்துவிட்டது, ஆனால் ஒற்றைக் காலில் நிற்கிறது. பழமொழி பெரும்பாலும் இரண்டு காலில் நடக்கும். ‘ஓணான் வேலிக்கு இழுக்குது, தவளை தண்ணிக்கு இழுக்குது’ என்பதுபோல், ஒரு பாதியை எதிர்ப்பாதி இழுத்துப் பிடிக்க வேண்டும். சோறு ஆறுகிறது என்றால் எது சூடாகிறது? கையில் இருக்கிற போன்தான்.

‘இலையில் சோறு ஆறுது, கையில் போன் சூடேறுது.’

கிட்டத்தட்ட வந்துவிட்டது. ஆறுது, ஏறுது என்று இரண்டாம் எழுத்து ஒன்றாகி எதுகையும் சேர்ந்துகொண்டது. இன்னும் ஒரே ஒரு உறுத்தல். ‘போன்’ என்று குற்றவாளியின் பெயரைச் சொல்லிவிட்டோம். அதைத் தூக்கிவிட்டுச் சொல்லிப் பாருங்கள்: 

‘இலையிலே சோறு ஆறுது, கையிலே சூடு ஏறுது.’ 

கேட்கிறவர் அரை நொடி யோசிக்கிறார், தன் கையைப் பார்க்கிறார். அந்த அரை நொடிதான் நமக்குக் கூலி.

இன்னொரு அச்சு, ‘ஆம்’ போட்டு முடிப்பது. என்றாளாம், செய்தானாம், பறித்ததாம். எவனோ எங்கேயோ செய்ததாகக் கேள்வி, எனக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று கையைக் கழுவிக்கொள்ளும் முடிப்பு இது. ஒரே வீட்டில் இருந்துகொண்டு கேலி செய்ய இதைவிடப் பாதுகாப்பான ஏற்பாடு கிடையாது. சுவர் ஓரம், பிளக் பக்கத்தில், ஒரு முழ வயரின் நுனியில் கழுத்தைச் சாய்த்துக்கொண்டு மணிக்கணக்காக உட்கார்ந்திருக்கிறவரைப் பார்த்திருப்பீர்கள். அவருக்கு:

‘மாட்டை அவிழ்த்து மேய விட்டானாம், தன்னைச் சார்ஜரில் கட்டிப் போட்டானாம்.’

இதில் சார்ஜர் என்று பெயரைச் சொல்லத்தான் வேண்டியிருந்தது, இல்லாவிட்டால் கட்டு எதுவென்று தெரியாது. பெயர் சொல்லலாமா கூடாதா என்பது இடத்தைப் பொறுத்தது. ஆனால் எந்தப் பெயர் என்பதில் கவனம் வேண்டும். உரலுக்கு ஒரு பக்கம் இடி, மத்தளத்துக்கு இரு பக்கமும் இடி என்கிறோம். நம்மில் பலர் வீட்டில் உரல் கிடையாது, ஆனாலும் இடி புரிகிறது. பொருள் போனாலும் அதன் வேலை கண்ணுக்குத் தெரிந்தால் பழமொழி பிழைத்துக்கொள்ளும். வயர் கட்டிப்போடும் என்பது எக்காலத்திலும் புரியும். இந்த வருடம் எல்லாரும் வைத்திருக்கிற ஏதோ ஒரு செயலியின் பெயரை வைத்துச் செய்தால், செயலியோடு பழமொழியும் அடுத்த வருடம் அழிந்துபோகும். பேஜரைப் பற்றி அந்தக் காலத்தில் யாராவது நல்ல பழமொழி செய்திருந்தாலும் இன்றைக்கு அடிக்குறிப்பு போட்டுத்தான் சொல்ல வேண்டும்.

அடுத்து, யாரைக் கேலி செய்வது? பழைய தொகுப்புகளைப் புரட்டினால் மருமகள், விதவை, ஏழை, ஊனமுற்றவர் என்று திருப்பி அடிக்க முடியாதவர்கள்மேல் விழுந்த அடி ஏராளம். அதையும் சேர்த்துக் கடன் வாங்க வேண்டாம். புதுமொழி செய்கிறவர்களுக்கும் முதலில் அகப்படுவது ‘இந்தக் காலத்துப் பிள்ளைகள்’தான். ஆனால் விடிகாலை நாலரைக்கு ரோஜாப்பூவோடு காலை வணக்கம் அனுப்புவது யார்? இஞ்சிச் சாற்றில் எல்லா நோயும் போகும் என்று குடும்பக் குழுவில் போடுவது யார்? அப்பா சோறு ஆறுது என்று சொன்னால், மகள் பதிலுக்கு வைத்திருக்க வேண்டியது இது: 

‘படிச்சவன் பகிரலை, பகிர்ந்தவன் படிக்கலை.’ 

சித்தப்பா தன் குழுவில் எத்தனை பேர் என்று பெருமை பேசும்போது அவருக்கும் ஒன்று இருக்கிறது: 

‘குரூப்பிலே ஐநூறு உறவு, குடை பிடிக்க ஆளில்லை.’

செய்தது தேறியதா என்று பார்க்க ஒரு வழி உண்டு. விளக்கம் சொல்லாமல் ஒருமுறை சொல்லிவிட்டு விட்டுவிடுங்கள். சில நாள் கழித்து வேறொருவர் வாயில் அது திரும்பி வர வேண்டும். வரும்போது ஒன்றிரண்டு சொல் மாறியிருந்தால் இன்னும் நல்லது, அந்த மாற்றத்தைத் திருத்தாதீர்கள். நான் ஒருமுறை, ‘உலகமெல்லாம் உள்ளங்கையிலே, உப்பு எங்கே இருக்குன்னு தெரியலை அடுக்களையிலே’ என்று நீட்டி முழக்கியிருந்தேன். மூச்சு வாங்கும். அதையே வீட்டில் ஒருவர், ‘உலகம் உள்ளங்கையிலே, உப்பு எங்கேன்னு தெரியலே’ என்று நறுக்கித் திருப்பித் தந்தார். என்னுடையது ஏட்டில் கிடக்கிறது, அவருடையது புழக்கத்தில் இருக்கிறது.

நறுக்கிக்கொண்டே போனால் எதுவரை போகலாம்? வினைச்சொல்லையே விட்டுவிடலாம். நாலே சொல்லில் ஒன்று சொல்லி விடைபெறுகிறேன்:

‘அடுப்பிலே பால், கையிலே ரீல்.’ 

பிறகு என்ன ஆயிற்று என்பதை அடுப்பைத் துடைத்தவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.